அப்பாவின் காது மிஷினுக்கு நான்கு விலைச் சீட்டு: எதை எதோடு ஒப்பிடுவது

அம்மா அடுப்படியிலிருந்து "காசு கொடுங்க" என்றார். மீன்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். அப்பா தன் காதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காதுக்கு என்ன?" என்று கேட்டார். வீட்டில் எல்லாரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அன்று இரவுதான் காது மிஷின் வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அப்பாவுக்கு வயது 68. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையின் கொதிகலன் பகுதியில் 31 ஆண்டுகள் வேலை செய்தவர். காதில் பஞ்சு வைத்துக்கொள்வார், அவ்வளவுதான் அந்தக் காலத்துப் பாதுகாப்பு. மிஷின் தேடத் தொடங்கி இரண்டு மாதத்தில் கையில் நான்கு விலைச் சீட்டுகள் சேர்ந்தன. குறைந்தது 3,200 வெள்ளி, கூடியது 13,800 வெள்ளி. இரண்டுமே இரண்டு காதுக்கும் சேர்த்துச் சொன்ன விலைதான். ஒரே மனிதனின் அதே காதுகளுக்கு விலை எப்படி நான்கு மடங்கு வேறுபடுகிறது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமாயிற்று. அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலருக்கும் துணையாக ஈப்போ வரை போய் வந்திருக்கிறேன். அப்படிக் கற்றுக்கொண்டதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் படி: கடைக்கு முன்னால் கிளினிக்

விலை கேட்கப் போகும் முன் அரசாங்கக் கிளினிக்கில் காதைக் காட்டுங்கள். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். காது மெழுகு அடைத்திருந்தால் அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். செவிப்பறையில் ஓட்டை, சீழ் என்று ஏதாவது இருந்தால் மிஷின் பேச்சே இப்போது வேண்டாம், முதலில் வைத்தியம். ஒரு காது மட்டும் திடீரென்று ஓரிரு நாளில் கேட்காமல் போனால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. ஒரு காதில் மட்டும் இரைச்சல், தலைசுற்றல் என்றாலும் கடைக்காரர் காதைப் பார்த்துச் சொல்வதை நம்பி வாங்கிவிடாதீர்கள். கிளினிக்கில் கடிதம் கொடுத்துப் பெரிய மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவார்கள். அங்கேயும் கட்டணம் குறைவுதான். காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் அங்கே எடுக்கும் செவிச் சோதனையில் யாருக்கும் எதையும் விற்க வேண்டிய அவசரம் இல்லை.

ஆலையில், பட்டறையில், சத்தத்தில் வேலை செய்தவராக இருந்தால் இன்னொன்று. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தொழில்சார் நோய்களில் ஒன்று. அந்தச் சட்டத்தை நடத்தும் பெர்கேசோ அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் வாங்குங்கள். வாங்கிவிட்டுப் போய்க் கேட்பது சுற்றுவழி.

சோதனை முடிந்ததும் ஆடியோகிராம் என்ற அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் காதின் தாள். சிலர் தயங்குவார்கள். மரியாதையாகக் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாள் கையில் இல்லாமல் எந்த விலையையும் ஒப்பிட முடியாது.

இரண்டாம் படி: தாளைப் படிப்பது

தாளின் மேல் ஓரத்தில் 250லிருந்து 8000 வரை ஹெர்ட்ஸ் எண்கள் இருக்கும். இடப்பக்கம் தாழ்ந்த ஒலி, வலப்பக்கம் கீச்சென்ற ஒலி. பக்கவாட்டில் டெசிபல் எண்கள் மேலிருந்து கீழே போகப் போகக் கூடும். கோடு எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு சத்தமாகச் சொன்னால்தான் காதுக்குக் கேட்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி.

அப்பாவின் கோடு 250ல் 20, 500ல் 25, 1000ல் 35 என்று மெதுவாகத்தான் இறங்கியது. 2000ல் 55க்கு விழுந்தது. 4000ல் 70. அப்புறம் 8000ல் கொஞ்சம் மேலேறி 60. இரைச்சலில் வேலை செய்தவர்களின் கோடு இப்படித்தான் 4000 பக்கம் பள்ளமாகக் குழியும்.

இந்த ஒரு கோட்டில் அப்பாவின் கதை முழுக்க இருந்தது. ஆ, ஊ, ஓ போன்ற உயிரெழுத்துகளின் சத்தம் பெரும்பாலும் இடப்பக்கத்தில் விழுகிறது, அங்கே காது பரவாயில்லை. அதனால்தான் யாரோ பேசுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. ஸ், த், ப், க் போன்ற மெய்களின் அடையாளம் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கிறது, அங்கேதான் பள்ளம். 'காசு' என்ற சொல்லில் ஒலிக்கும் 'ஸ்' அவர் காதுக்குப் போய்ச் சேரவே இல்லை. மிஞ்சியது 'கா…உ' மட்டும், அதை மூளை தனக்குத் தெரிந்த சொல்லால் நிரப்பிக்கொண்டது. "கேக்குது, ஆனா புரியல" என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இப்படிப்பட்டவருக்கு எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் பெருக்கும் கருவியைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஏற்கெனவே கேட்கும் தாழ்ந்த ஒலி இரைச்சலாக வீங்கும், ஸ் அப்போதும் புரியாது. இணையத்தில் எண்பது, தொண்ணூறு வெள்ளிக்கு விற்கும் சத்தம் கூட்டும் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வகை. பக்கத்து லயத்தில் ஒரு மாமா அதை வாங்கி, இரண்டே நாளில் மேசை டிராயரில் போட்டுவிட்டார்.

மூன்றாம் படி: சீட்டுகளை ஒரே கேள்விகளால் நிரப்புவது

என் முதல் தவறு இங்கேதான். ஒவ்வொரு இடத்திலும் "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவந்தேன். ஒருவர் ஒரு காதுக்குச் சொன்னார், ஒருவர் இரண்டுக்கும் சேர்த்துச் சொன்னார். ஒருவர் சார்ஜர் விலையைத் தனியாக வைத்திருந்தார், இன்னொருவர் பொருத்தும் கட்டணத்தைத் தனியாக வைத்திருந்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு திரும்பவும் எல்லா இடத்துக்கும் போனேன். இரண்டு காதுக்கும் மொத்தம் எவ்வளவு, மாடலின் முழுப் பெயரும் அதன் தொழில்நுட்ப நிலையும் என்ன, சேனல் எத்தனை, பேட்டரி எந்த வகை, எந்த எண், உத்தரவாதம் எத்தனை ஆண்டு, முதல் ஆண்டில் எத்தனை தடவை இலவசமாகச் சரிசெய்வார்கள், அதற்குப் பிறகு ஒரு தடவைக்கு எவ்வளவு. பதிலை அவர்களையே எழுதிக் கொடுக்கச் சொன்னேன்.

இப்படி நிரம்பிய சீட்டுகள் இவை. முதலாவது, டவுனில் ஒரு மண்டபத்தில் இலவசச் செவிச் சோதனை என்று முகாம் போட்டவர்களுடையது: நான்கு சேனல், 13ஆம் எண் பேட்டரி, 3,200 வெள்ளி. பின்கவனிப்பு என்ற இடத்தில் ஒரு கைப்பேசி எண் மட்டும் இருந்தது. இரண்டாவது, ஈப்போவில் ஒரு பெரிய கடை: உயர்ந்த நிலை, 20 சேனல், சார்ஜ் செய்வது, 13,800 வெள்ளி, வாழ்நாள் முழுக்க இலவச சேவை. மூன்றாவதும் நான்காவதும் ஈப்போவில் வேறொரு நிலையத்தில் வாங்கியவை. நடு நிலை, 12 சேனல், சார்ஜ் வகை 8,400 வெள்ளி. அடிப்படை நிலை, 8 சேனல், பேட்டரி வகை 5,200 வெள்ளி, அதையே சார்ஜ் வகையாக எடுத்தால் 6,000 வெள்ளி. அங்கே முதல் ஆண்டில் ஆறு தடவை பின்கவனிப்பு விலையிலேயே சேர்ந்திருந்தது. அதற்குப் பிறகு தடவைக்கு 80 வெள்ளி.

நான்காம் படி: சேனல் எண்ணிக்கைக்கு எவ்வளவு கொடுக்கலாம்

விற்பவர்கள் முதலில் எடுத்துச் சொல்வது சேனல் எண்ணிக்கைதான். எண் பெரிதாக இருந்தால் பொருள் நல்லது என்று நம் மனம் தானாக முடிவு செய்துவிடுகிறது.

கோயில் திருவிழாவில் சவுண்ட் செட் போடுபவரின் முன்னால் இருக்கும் மிக்சரைப் பார்த்திருப்பீர்கள். வரிசையாக ஏற்றி இறக்கும் குமிழ்கள் இருக்கும். சேனல் என்பது ஏறக்குறைய அதுதான். காதுக்குள் வரும் ஒலியைக் கருவி பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கிறது. ஒரே குமிழ் என்றால் எல்லாம் சேர்ந்து ஏறும். அப்பாவுக்கு இடப்பக்கம் அதிகம் கூட்டாமல் வலப்பக்கம் மட்டும் ஏற வேண்டும், அதற்கு நான்கு குமிழ் போதாது. 1000க்கும் 2000க்கும் நடுவில் அவர் கோடு 20 டெசிபல் சரிகிறது. அந்தச் சரிவைப் பின்தொடரக் குமிழ்கள் நெருக்கமாக இருக்க வேண்டும்.

எட்டுக்கு மேல் போனால் என்ன ஆகும்? பெரும்பாலானவர்களின் கோடு வளைந்து இறங்குவதை எட்டுச் சேனலிலேயே பின்தொடர்ந்துவிடலாம். அதற்கு மேல் சேர்த்தால் பேச்சு தெளிவாவதில் கிடைக்கும் லாபம் கொஞ்சமே. கூடுதல் சேனல்கள் விசில் சத்தத்தை அடக்கவும் இரைச்சலைக் குறைக்கவும் உதவலாம், உண்மைதான். ஆனால் 20ஐ 8ஆல் வகுத்து இது இரண்டரை மடங்கு நல்லது என்று நினைக்கக் கூடாது. இன்னொரு விஷயம், எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி எண்ணுவதில்லை. ஒருவர் ஒலி கூட்டும் துண்டுகளை எண்ணுகிறார், இன்னொருவர் இரைச்சல் குறைக்கும் துண்டுகளை எண்ணுகிறார். அதனால் ஒரு நிறுவனத்தின் 20ஐயும் இன்னொரு நிறுவனத்தின் 12ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் பொருளில்லை. ஒரே நிறுவனத்தின் ஒரே குடும்பத்து மாடல்களுக்குள் ஒப்பிட்டால் எண் ஏதாவது சொல்லும்.

அப்பாவின் தாளில் கோடு 4000 வரை ஒரு பக்கமாகச் சரிகிறது, கடைசியில் கொஞ்சம் ஏறுவதைத் தவிர அங்கே இங்கே ஏறி இறங்கவில்லை. ஆகவே எட்டு போதும் என்று முடிவு செய்தோம். முகாமின் நான்கு சேனல் அங்கேயே கழிந்தது.

ஐந்தாம் படி: தொழில்நுட்ப நிலை

அடிப்படை, நடு, உயர்ந்தது என்று மூன்று நான்கு நிலைகளில் விற்கிறார்கள். பல மாடல் குடும்பங்களில் வெளிக்கூடும் உள்ளே இருக்கும் சில்லும் ஒன்றேதான். மென்பொருளில் எந்த வசதியைத் திறந்துவிடுகிறார்கள், எதைப் பூட்டிவைக்கிறார்கள் என்பதில்தான் நிலை மாறுகிறது. ஆகவே கடையில் "இது ரொம்ப நல்லது" என்று சொன்னால், இந்த நிலையிலிருந்து ஒரு படி கீழே இறங்கினால் எது போய்விடும் என்று கேளுங்கள். இரைச்சலான இடத்தில் எதிரே பேசுபவரின் பக்கம் மைக் குவிவது, காற்றுச் சத்தம் குறைவது, இடம் மாறும்போது தானாக அமைப்பு மாறுவது, கைப்பேசியோடு இணைவது என்று பதில் வரும். ஒவ்வொன்றுக்கும் உங்கள் வாழ்க்கையில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அமெரிக்காவில் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ராபின் காக்ஸ் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதைச் சோதித்து 2014ல் வெளியிட்டார்கள். லேசானது முதல் நடுத்தரம் வரை செவித்திறன் இழந்த வயதானவர்களுக்கு, இரண்டு பெரிய நிறுவனங்களின் உயர்ந்த நிலைக் கருவியையும் அடிப்படைக் கருவியையும் மாற்றி மாற்றிக் கொடுத்து, அன்றாட வாழ்க்கையில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எல்லாக் கருவிகளும் உதவின. உயர்ந்தது அடிப்படையை விட மேலாக உதவியதாகத் தெரியவில்லை. அந்த ஆய்வில் ஒவ்வொரு கருவியும் கவனமாகப் பொருத்தப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. இழப்பு மிகக் கடுமையாக இருப்பவருக்கும், தினமும் பத்துப் பேர் பேசும் கூட்டத்தில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கும் இதை அப்படியே சொல்ல முடியாது. என் தம்பிக்குக் காது கேட்காமல் போயிருந்தால் நடு நிலையைத்தான் பார்த்திருப்பேன், அவன் வேலை கார் பட்டறையின் முன்மேசையில். அப்பாவின் நாள் என்பது வீடு, ஒட்டுக்கடையில் ஒரு தே தாரிக், வெள்ளிக்கிழமை கோயில், சாயங்காலம் தொலைக்காட்சி.

ஆறாம் படி: பேட்டரி, பணத்துக்கு முன் விரலைப் பாருங்கள்

மாற்றும் பேட்டரிகள் நான்கு அளவில் வருகின்றன, ஒட்டியிருக்கும் தாளின் நிறத்தை வைத்தே சொல்லிவிடலாம். 10க்கு மஞ்சள், 312க்குப் பழுப்பு, 13க்கு ஆரஞ்சு, 675க்கு நீலம். உள்ளே துத்தநாகம் இருக்கிறது, தாளைக் கிழித்ததும் காற்று புகுந்து வேலை தொடங்கும். கிழித்தபின் சில நிமிடம் வெளியே வைத்துவிட்டு அப்புறம் போட வேண்டும். கிழித்துவிட்டால் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும், தாளைத் திரும்ப ஒட்டிப் பயனில்லை. 312 ஒரு வாரம் வரும், 13 பத்து நாள் அளவில் வரும். நம் ஊர் ஈரப்பதத்தில் சில சமயம் அதற்கும் குறையும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் பழைய பேட்டரியையும் எட்டாத இடத்தில் வையுங்கள், விழுங்கிவிட்டால் உடனே மருத்துவமனை.

கணக்குப் போட்டோம். 13ஆம் எண் பத்து நாளுக்கு ஒன்று என்றால் ஒரு காதுக்கு ஆண்டுக்கு 37, இரண்டுக்கும் 74. ஆறு உள்ள அட்டை எங்களுக்கு 20 வெள்ளிக்குக் கிடைத்தது. ஆண்டுக்கு 13 அட்டை, 260 வெள்ளி, ஐந்து ஆண்டில் 1,300 வெள்ளி. சார்ஜ் வகையில் உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி நான்கைந்து ஆண்டில் தளர்ந்துவிடும். அதை மாற்ற ஒரு காதுக்கு 400 என்று எழுதிக் கொடுத்தார்கள், ஆக 800. சார்ஜ் வகைக்குக் கூடுதலாகக் கேட்ட 800ஐயும் சேர்த்தால் 1,600. ஐந்து ஆண்டில் வித்தியாசம் 300 வெள்ளிதான். மாதம் ஐந்து வெள்ளி.

ஆகவே பேட்டரியைப் பணத்தை வைத்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நிலையத்தில் ஒரு 13ஆம் எண் பேட்டரியை அப்பா கையில் கொடுத்தார்கள். அவருடைய கட்டைவிரலில் பல வருடமாக உணர்ச்சி குறைவு. பேட்டரி மூன்று தடவை தரையில் விழுந்தது. நாலாவது தடவை உள்ளே போனது, ஆனால் தலைகீழாக. அங்கேயே சார்ஜ் வகை என்று முடிவாயிற்று. விரல் நன்றாக இருப்பவர், அடிக்கடி மின்சாரம் போகும் இடத்தில் இருப்பவர், இரண்டு மூன்று நாள் சார்ஜர் இல்லாமல் தங்க வேண்டியவர் மாற்றும் பேட்டரியை எடுப்பதே நல்லது. முழுச் சார்ஜ் ஒரு நாளைக்குத்தான்.

ஏழாம் படி: பொருத்துவதும் பின்கவனிப்பும்

இதற்குத்தான் நான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் சீட்டில் இதற்குத்தான் மிகக் குறைந்த இடம் கொடுத்திருப்பார்கள்.

கருவியைக் கணினியில் இணைத்து, ஆடியோகிராம் எண்களைப் போட்டதும், நிறுவனத்தின் மென்பொருள் தானாக ஒரு அமைப்பைப் போட்டுக் கொடுக்கும். பல கடைகளில் வேலை அதோடு முடிந்துவிடுகிறது. ஆனால் அந்தத் தானியங்கி அமைப்பு ஒரு சராசரிக் காதுக்குக் கணக்கிடப்பட்டது. உங்கள் காதுக் குழாய் அதைவிட அகலமாகவோ குறுகலாகவோ இருந்தால் செவிப்பறைக்குப் போய்ச் சேரும் சத்தம் மாறிவிடும். அதோடு, புதிதாகப் போடுபவருக்கு உறுத்தக் கூடாது என்று வலப்பக்கத்து ஒலியைக் குறைத்தே வைக்கும் வழக்கமும் உண்டு. அப்பாவுக்குத் தேவையான இடமே அதுதான்.

இதைப் பிடிக்க ஒரே வழி காதுக்குள்ளேயே அளப்பது. மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, அதன்மேல் கருவியைப் போட்டு, முன்னால் இருக்கும் ஒலிபெருக்கியில் பேச்சுப் போன்ற ஒலியை விடுவார்கள். அப்பா அந்த ஒலியைக் கேட்டுவிட்டு, "இது எந்த பாஷைம்மா?" என்று என்னிடம் கேட்டார். காதைச் சோதித்துக் கருவியைப் பொருத்தும் ஆடியோலஜிஸ்ட் சிரித்துக்கொண்டே, "எந்த பாஷையும் இல்ல அங்கிள், ஆறு மொழி பேசுற பொம்பளைங்க குரலத் துண்டு துண்டா வெட்டி ஒட்டினது" என்றார். திரையில் இரண்டு கோடு தெரிந்தது. ஒன்று NAL-NL2 என்று எழுதியிருந்த இலக்குக் கோடு. அது ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வுக்கூடம் வகுத்த கணக்கு. இன்னொன்று அப்பாவின் காதுக்குள் உண்மையில் கிடைக்கும் சத்தம். 1000 வரை இரண்டும் ஒட்டிப் போயின. 3000ல் அப்பாவின் கோடு இலக்குக்கு 12 டெசிபல் கீழே கிடந்தது. அளக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால், 6,000 வெள்ளிக் கருவியைப் போட்டுக்கொண்டும் அவர் 'காசு'வைக் 'காது' என்றுதான் கேட்டிருப்பார். உயர்ந்த நிலைக் கருவியாக இருந்தாலும் அதே கதைதான். 13,800 கேட்ட கடையில் இந்த அளவெடுப்பு உண்டா என்று கேட்டேன். "கம்ப்யூட்டரே சரியா செட் பண்ணிடும்" என்றார்கள்.

கேட்க வேண்டிய கேள்வி இது: "காதுக்குள் குழாய் விட்டு அளப்பீர்களா, அந்தப் படத்தை அச்செடுத்துத் தருவீர்களா?" இலக்கோடு ஐந்து டெசிபலுக்குள் வந்தால் நல்லது.

அன்றே முழு அளவுக்கு ஏற்றவில்லை. பல ஆண்டு கேட்காத ஒலி ஒரேயடியாக வந்தால் கழற்றி வைத்துவிடுவார்கள். இலக்குக்குக் கொஞ்சம் கீழே வைத்து, மூன்று தடவையில் ஏற்றினார்கள். அதனால்தான் முதல் ஆண்டில் ஆறு தடவை என்பது விலையில் சேர்ந்திருப்பது பெரிய விஷயம்.

இரண்டு வாரம் கழித்துப் போன முதல் வருகையில், தன் குரல் பீப்பாய்க்குள் பேசுவது போல இருக்கிறது என்றார் அப்பா. காது முழுக்க அடைத்திருந்த ரப்பர் டோமை எடுத்து, ஓட்டை உள்ள டோமைப் போட்டார்கள், சரியாகிவிட்டது. இரண்டாவது வருகையில், தட்டில் கரண்டி படும் சத்தம் பல்லைக் கூசுகிறது என்றார். பேச்சைத் தொடாமல் திடீர் ஒலிகளை மட்டும் மட்டுப்படுத்தினார்கள். அந்த நாளில் கணினி இன்னொன்றையும் காட்டியது. கருவி தான் எத்தனை மணி நேரம் போடப்பட்டது என்று பதிந்து வைத்திருக்கிறது. சராசரி நாளுக்கு மூன்று மணி நேரம். வீட்டில் "முழு நாளும் போட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைக் குற்றம் சொல்லாமல், எப்போது கழற்றுகிறார் என்று ஆடியோலஜிஸ்ட் கேட்டார். மோட்டாரில் போகும்போது காற்றுச் சத்தம் தாங்கவில்லை, கழற்றினால் திரும்பப் போட மறந்துவிடுகிறார். அதற்கென்று ஒரு தனி அமைப்பை ஒரு பொத்தானில் வைத்துக் கொடுத்தார். வாழ்நாள் இலவச சேவை என்ற வரியில் இந்தக் கேள்வி இருக்குமா, யார் கேட்பார் என்பதைத்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும். பொருத்துபவர் ஆடியோலஜிஸ்ட்டா என்றும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு சுகாதாரத் துணைத்தொழில் சட்டத்தில் அது பட்டியலிடப்பட்ட தொழில்.

தூரமும் இதில் சேரும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர், எங்களுக்கு அது முடியும். கோலாலம்பூரில் இன்னும் நல்ல நிலையம் இருக்கலாம், ஆனால் ஆறு தடவை போய்வர முடியாத நிலையம் நமக்கு நல்ல நிலையம் இல்லை. அதோடு, வேறு ஊர் ஆடியோலஜிஸ்ட் இந்தக் கருவியைத் தன் கணினியில் திறந்து சரிசெய்ய முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். சில விற்பனையாளர்கள் தங்கள் கடை மட்டுமே திறக்கும்படி பூட்டி விற்கிறார்கள். முகாம்காரர்களின் கருவி அப்படித்தான் இருந்தது, இரண்டு மாதத்தில் அந்தக் கைப்பேசி எண்ணும் எடுபடவில்லை.

எட்டாம் படி: ஐந்து ஆண்டுக் கணக்கு

ஒரு கருவி ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்துக்கொண்டு எல்லாச் சீட்டையும் ஒரே கணக்கில் போட்டேன். டோம், மெழுகு வடிகட்டி இரண்டுக்கும் மாதம் 10 வெள்ளி, ஐந்து ஆண்டில் 600, எல்லாருக்கும் பொது. பின்கவனிப்பு இரண்டாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு இரண்டு தடவை, எட்டுத் தடவைக்கு 640.

முகாம் கருவி: 3,200, பேட்டரி 1,300, வடிகட்டி 600. மொத்தம் 5,100 வெள்ளி, மாதம் 85. இதில் பின்கவனிப்பு பூஜ்யம், செலவும் இல்லை, சேவையும் இல்லை.

பெரிய கடையின் உயர்ந்த நிலை: 13,800, பேட்டரி மாற்ற 800, வடிகட்டி 600. மொத்தம் 15,200, மாதம் 253.

நடு நிலை: 8,400, அதோடு 800, 640, 600. மொத்தம் 10,440, மாதம் 174.

அடிப்படை நிலை, சார்ஜ் வகை: 6,000, அதோடு 800, 640, 600. மொத்தம் 8,040, மாதம் 134. பேட்டரி வகை என்றால் 7,740, மாதம் 129.

நடுவுக்கும் அடிப்படைக்கும் இடையே 2,400 வெள்ளி. அந்தப் பணத்துக்கு எங்களுக்குக் கிடைப்பது நான்கு சேனலும், கூட்டத்தில் கொஞ்சம் நன்றாக வேலை செய்யும் மைக்கும். அப்பா கூட்டத்துக்குப் போவது வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும்தான், அங்கே மேளம் அடிக்கும்போது எந்த மைக்கும் பேச்சைப் பிரித்துக் கொடுக்காது. அடிப்படை நிலை, 8 சேனல், சார்ஜ் வகை என்று எடுத்தோம். வாங்கும் முன், பணத்தைத் திருப்பித் தரும் நாள்கணக்கை ரசீதிலேயே எழுத வைத்தேன்.

ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஓகேயூ என்று மாற்றுத்திறனாளிப் பதிவு உள்ள பெற்றோருக்குப் பிள்ளைகள் துணைக்கருவி வாங்கினால் வருமான வரியில் 6,000 வெள்ளி வரை விலக்குக் கேட்கலாம். அது வரியிலிருந்து கழிவதில்லை, வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழிகிறது.

வாங்கிய பிறகு கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது

வாரத்துக்கு ஒரு தடவை நான் ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்கிறேன்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். தாழ்ந்ததிலிருந்து கீச்சொலி வரை பேச்சின் அகலத்தை இந்த ஆறும் அளந்துவிடும். அப்பாவுக்குப் பின்னால் இரண்டு எட்டுத் தள்ளி நின்று, வரிசை மாற்றிச் சாதாரணக் குரலில் சொல்வேன், அவர் திருப்பிச் சொல்ல வேண்டும். ஸ் மட்டும் விட்டுப்போனால் பெரும்பாலும் வடிகட்டியில் மெழுகு. எல்லாமே மங்கினால் சார்ஜ் அல்லது ஈரம். விசில் அடித்தால் டோம் சரியாக உட்காரவில்லை, அல்லது காதுக்குள் மெழுகு சேர்ந்திருக்கிறது. ஒலியெல்லாம் சரி, ஆனால் பேச்சு புரியவில்லை என்றால் காதே மாறியிருக்கலாம், புதிதாக ஒரு ஆடியோகிராம் எடுக்க வேண்டும்.

இரவில் சார்ஜரில் வைக்கும் முன் கருவியைத் துடைக்கச் சொல்லியிருக்கிறார்கள். வேர்வை பட்ட நாளில், சிலிக்கா ஜெல் போட்ட சின்ன டப்பாவில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் சார்ஜ் செய்கிறோம்.

நான்காவது வருகையில் அந்த மணிக்கணக்கு பதினொன்று காட்டியது. 3000ல் இருந்த 12 டெசிபல் குறை நான்காகச் சுருங்கியிருந்தது. அடுத்த வருகை செப்டம்பரில். அதற்கு முன் எது கேட்கவில்லை, எங்கே கேட்கவில்லை என்று அப்பா தன் பழைய ஆலை நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறார்.